ஏ.எம்.சி.யில் மெம்பிரேன் உண்டா?

"ஆண்டுக்கு மூன்று சர்வீஸ், ஃபில்டர் இலவசம், 48 மணி நேரத்தில் ஆள் வருவார்" என்று வாட்டர் பியூரிஃபையர் விளம்பரம் சொன்னால், மெம்பிரேனும் அதில் சேர்த்தியா என்று முதலில் கேளுங்கள். ஆர்.ஓ. இயந்திரத்தில் விலை கூடிய ஃபில்டர் அதுதான். பல ஒப்பந்தங்களில் வண்டலையும் குளோரினையும் பிடிக்கும் முன் ஃபில்டர்கள் மட்டுமே அடங்கும்.

மெம்பிரேனின் நிலையை டிடிஎஸ் மீட்டரில் பார்த்துவிடலாம். போர் தண்ணீர் 1200 காட்டும் வீட்டில், நல்ல மெம்பிரேன் வழியே வரும் நீர் 100க்கு அருகில் இருக்கும். டிடிஎஸ் கண்ட்ரோலரைத் தொடாமலே அது 300ஐத் தாண்டினால் மாற்றும் நேரம் வந்துவிட்டது. டிடிஎஸ் ஏறாமல் தண்ணீர் வரத்து மட்டும் குறைந்தால், முதல் சந்தேகம் முன் ஃபில்டர் மேல்தான். கலங்கல் நீரில் அது ஆறு மாதம்கூடத் தாங்காது.

அந்த 48 மணி நேரம் ஆள் வருவதற்கா, பழுது சரியாவதற்கா? எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.