பேதி மருந்தை ஏன் இரண்டு தவணையாகக் குடிக்க வேண்டும்?

கொலனோஸ்கோபிக்குத் தேதி குறித்ததும் மருத்துவமனை ஒரு குறிப்புத் தாளைக் கொடுக்கும். பெருங்குடலின் உட்சுவரில் கழிவு ஒட்டியிருந்தால் தட்டையான சிறு கட்டிகள் கேமராவுக்குத் தெரியாமல் போய்விடும் என்பதால், பரிசோதனையின் பலன் பெருமளவு அந்தத் தாளைப் பின்பற்றுவதில்தான் இருக்கிறது.

உணவுக் கட்டுப்பாடு வழக்கமாக இரண்டு மூன்று நாள் முன்பே தொடங்கும். கீரை, காய்கறி, கேழ்வரகு, கொட்டைகள், விதையுள்ள தக்காளியும் கொய்யாவும் விலக்கப்படும். இட்லி, வெள்ளைச் சோறு, தயிர், முட்டை சாப்பிடலாம். சத்தானது என்று பொதுவாகச் சொல்லப்படும் நார்ச்சத்துதான் இங்கே இடைஞ்சல். முந்தைய நாள் பெரும்பாலும் தெளிந்த நீராகாரம் மட்டுமே: வடிகட்டிய ரசம், இளநீர், பால் சேர்க்காத டீ, எலுமிச்சைச் சாறு. பாலும் மோரும் தெளிந்தவை அல்ல. மாதுளை, பீட்ரூட் சாறுகள் குடலில் ரத்தம்போலத் தோன்றும் என்பதால் கூடாது.

பேதி மருந்தாக அதிகம் தரப்படுவது பாலிஎத்திலீன் கிளைகால் தூள். குடல் இதை உறிஞ்சுவதில்லை. தண்ணீரை உள்ளேயே நிறுத்திக் கழிவைக் கழுவித் தள்ளும். ஒரு பெரிய பாக்கெட்டை 2 லிட்டர் தண்ணீரில் கரைத்து, பாதி முந்தைய மாலையிலும் மீதி பரிசோதனையன்று விடியலிலும் குடிக்க வேண்டும். தூக்கம் கெடுகிறதென்று முழுவதையும் மாலையிலேயே முடித்துவிடுபவர்கள் உண்டு. அது தவறு. இரவில் சிறுகுடலிலிருந்து பித்தம் கலந்த நீர் இறங்கி, பெருங்குடலின் வலப்பக்கத்தில் படலமாகப் படியும். காலைத் தவணை அதைத்தான் கழுவுகிறது.

பரிசோதனை காலை 11 மணிக்கு என்று வைத்துக்கொண்டால், முதல் லிட்டரை முந்தைய மாலை 6 மணிக்குத் தொடங்கலாம். கால் மணிக்கு ஒரு 250 மில்லி டம்ளர் வீதம் ஒரு மணி நேரத்தில் முடியும். இரண்டாவது லிட்டரை அதிகாலை ஐந்தரைக்குத் தொடங்கினால் ஆறரைக்கு முடியும். 9 மணிக்குப் பிறகு தண்ணீரும் கூடாது. சில மயக்க மருத்துவர்கள் இன்னும் முன்னதாகவே நிறுத்தச் சொல்வார்கள். கரைசலைக் குளிரவைத்தால் குடிப்பது எளிது. குமட்டினால் அரை மணி நேரம் விட்டு, மெதுவாகத் தொடர வேண்டும். வாந்தி நிற்காவிட்டாலோ கடும் வயிற்றுவலி வந்தாலோ குடிப்பதை நிறுத்தி மருத்துவரை அழைக்க வேண்டும்.

இரும்புச்சத்து மாத்திரை மலத்தைக் கறுப்பாக்கும். ஒரு வாரம் முன்பே நிறுத்தச் சொல்வது வழக்கம். சர்க்கரை, ரத்த உறைவுத் தடுப்பு மாத்திரைகளைத் தாமாக நிறுத்தக் கூடாது. இவற்றையும், சிறுநீரக நோயோ நாள்பட்ட மலச்சிக்கலோ இருப்பதையும் தேதி குறிக்கும்போதே சொல்லிவிட வேண்டும். மருந்தும் அளவும் மாறலாம்.

குடல் சுத்தமானதைக் கடைசியாகப் போவதன் நிறமே சொல்லிவிடும். சிறுநீர்போலத் தெளிந்த மஞ்சளாக, திப்பி இல்லாமல் இருந்தால் போதும். பழுப்பாகவோ கலங்கலாகவோ இருந்தால் கிளம்பும் முன் மருத்துவமனைக்குப் போன் செய்யுங்கள். கூடுதல் மருந்தோ வேறு நேரமோ தருவார்கள்.