இணையம் எந்த இடத்தில் தடுமாறுகிறது? ‘டிரேஸ்ரூட்’ வரிகளைப் படிக்கும் முறை

எமிஸ் தளத்தில் வருகைப்பதிவு ஏறவில்லை, உயர் தொழில்நுட்ப ஆய்வகத்தில் வினாடி வினா பாதியிலேயே நின்றுவிட்டது என்றால் நாம் சொல்வது ஒன்றுதான்: ‘நெட் ஸ்லோ.’ இணைய சேவை நிறுவனத்தை அழைத்தால், “எங்கள் பக்கம் எல்லாம் சரியாக இருக்கிறது சார், உங்கள் கம்ப்யூட்டரைப் பாருங்கள்” என்பார்கள். ஆய்வகப் பொறுப்பாளர், சர்வரில்தான் கோளாறு என்பார். மூவரில் யார் சொல்வது சரி என்பதை ஐந்து நிமிடத்தில் பெருமளவு கண்டுபிடித்துவிடலாம். அதற்கான கட்டளை விண்டோஸ் கணினியில் `tracert`, லினக்ஸில் `traceroute`.

1980களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தில் வான் ஜேக்கப்சன் இதை எழுதினார். இதன் உத்தி எளிது. இணையத்தில் செல்லும் ஒவ்வொரு தரவுப் பொட்டலத்திலும் ஓர் எண் எழுதப்பட்டிருக்கும். வழியிலுள்ள ஒவ்வொரு ரவுட்டரும் அதில் ஒன்றைக் குறைக்கும். எண் பூஜ்ஜியம் ஆகிவிட்டால் அந்த ரவுட்டர் பொட்டலத்தைக் கைவிட்டு, ‘இது என்னிடம் முடிந்துவிட்டது’ என்று அனுப்பியவருக்குச் செய்தி திருப்பும். பேருந்தில் ஒரு ஸ்டேஜுக்கு மட்டும் டிக்கெட் எடுத்தவரை நடத்துநர் முதல் நிறுத்தத்தில் இறக்கிவிடுகிறார். இறங்கியவர் அங்கிருந்து வீட்டுக்குத் தொலைபேசியில் சொல்கிறார். அடுத்தவருக்கு இரண்டு ஸ்டேஜ் டிக்கெட், அதற்கடுத்தவருக்கு மூன்று. யார் எங்கிருந்து பேசினார்கள், பதில் வர எவ்வளவு நேரமாயிற்று என்று குறித்துக்கொண்டே வந்தால் பாதை முழுதும் தெரிந்துவிடும். ஒவ்வொரு நிலைக்கும் மூன்று பொட்டலங்கள் அனுப்பப்படுவதால் ஒவ்வொரு வரியிலும் மூன்று நேரங்கள் இருக்கும்.

ஆலத்தியூர்ப் பள்ளி ஆய்வகம் ஒன்றில் இணையம் நன்றாக இருக்கும் நாளில் வரக்கூடிய விடை கீழே உள்ளது. முகவரிகள் மாதிரிக்காகத் தந்தவை. நீங்கள் செய்யும்போது அந்த இடத்தில் உங்களுக்கு வேண்டிய தளத்தின் பெயரைத் தட்டச்சு செய்யுங்கள்.

```
tracert -d 203.0.113.80

 1   <1 ms  <1 ms  <1 ms  192.168.1.1
 2    4 ms   3 ms   4 ms  100.64.8.1
 3    *      *      *     Request timed out.
 4   88 ms  11 ms  93 ms  198.51.100.17
 5   12 ms  11 ms  12 ms  198.51.100.42
 6   13 ms  12 ms  13 ms  203.0.113.80
```

முதல் வரி நம் ஆய்வகத்திலேயே இருக்கும் ரவுட்டர். இரண்டாம் வரி சேவை நிறுவனத்தின் முதல் கருவி. கடைசி வரி நாம் தேடிய சர்வர். நேரங்கள் மில்லி விநாடியில், போய்த் திரும்பிய மொத்த நேரமாக இருக்கின்றன.

இதைப் பார்த்ததும் பலர் மூன்றாம் வரியின் நட்சத்திரங்களையும் நான்காம் வரியின் 88, 93 ஆகியவற்றையும் காட்டி ‘இங்கேதான் பிரச்சினை’ என்பார்கள். அப்படியல்ல. மூன்றாவது ரவுட்டர் பொட்டலத்தைக் கடத்திவிடுகிறது, பதில் மட்டும் சொல்வதில்லை, அப்படித்தான் அமைத்திருக்கிறார்கள். அது உண்மையிலேயே அடைத்திருந்தால் நான்காம் வரியே வந்திருக்காது. நான்காவது ரவுட்டர் பதில் சொல்லத் தாமதிக்கிறது, கடத்தத் தாமதிக்கவில்லை. சந்திப்பில் நிற்கும் போக்குவரத்துக் காவலர் வண்டிகளை உடனுக்குடன் அனுப்புவார். வழி கேட்பவருக்குக் கை ஓய்ந்த பிறகுதான் பதில் சொல்வார். அவரைத் தாண்டிச் சென்ற பொட்டலங்கள் 12 மில்லி விநாடியில் திரும்பியிருப்பதே சான்று. ஆகவே ஒரு வரியை மட்டும் பார்க்கக் கூடாது. உயர்ந்த நேரம் அந்த வரியிலிருந்து கடைசி வரி வரை தொடர்கிறதா என்று பார்க்க வேண்டும். தொடர்ந்தால்தான் தாமதம்.

இனி, இணையம் மெதுவான ஒரு நாளின் விடை:

```
 1   <1 ms   <1 ms   <1 ms  192.168.1.1
 2  184 ms  211 ms  197 ms  100.64.8.1
 3    *       *       *     Request timed out.
 4  190 ms  205 ms  188 ms  198.51.100.17
 5  201 ms  193 ms  208 ms  198.51.100.42
 6  195 ms  204 ms  199 ms  203.0.113.80
```

இரண்டாம் வரியில் ஏறிய நேரம் கடைசி வரை இறங்கவேயில்லை. அப்படியானால் சர்வர் மீது குற்றமில்லை. ஆய்வகத்துக்குள் ஓடும் கம்பிகள் மீதும் இல்லை, ஏனெனில் முதல் வரி ஒரு மில்லி விநாடிக்கும் குறைவு. (முதல் வரியே 50, 100 என்று ஆடினால் வைஃபை அல்லது கேபிளைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.) தாமதம் நம் ரவுட்டருக்கும் நிறுவனத்தின் முதல் கருவிக்கும் இடையில் இருக்கிறது.

ஆனால் உடனே புகார் எழுதிவிட வேண்டாம். அந்த இடைவெளியில் இரண்டு காரணங்கள் ஒளிந்திருக்கலாம். ஒன்று, நிறுவனத்தின் இணைப்பே பழுதாகவோ நெரிசலாகவோ இருப்பது. மற்றொன்று, நாமே ஏற்படுத்தும் நெரிசல்: ஆய்வகக் கணினிகள் அனைத்தும் ஒரே நேரத்தில் விண்டோஸ் புதுப்பிப்பை இறக்கிக்கொண்டிருக்கலாம், யாரோ ஆண்டு விழா வீடியோவை ஏற்றிக்கொண்டிருக்கலாம். அப்போது பொட்டலங்கள் நம் ரவுட்டரின் வெளிவாசலில் வரிசையில் நிற்கும். அந்தக் காத்திருப்பு இரண்டாம் வரியின் கணக்கில் விழும். பிரித்தறிய வழி உண்டு. ஒரு கணினியைத் தவிர மற்ற எல்லாவற்றின் கேபிளையும் கழற்றுங்கள், வைஃபையை நிறுத்துங்கள், கட்டளையை மீண்டும் ஓட்டுங்கள். 4 மில்லி விநாடிக்கு இறங்கினால் கூட்டம் நம்முடையது. 190லேயே நின்றால், இரண்டு விடைகளையும் தேதி, நேரத்துடன் படமெடுத்துப் புகாருடன் இணையுங்கள். ‘நெட் ஸ்லோ’ என்ற புகாரை ஒதுக்குவது எளிது. இதை ஒதுக்குவது கடினம்.

எல்லா ஏற்றமும் கோளாறு அல்ல என்பதற்குத் தூரக் கணக்கு உதவும். கண்ணாடி இழையில் ஒளி விநாடிக்குச் சுமார் 2,00,000 கிலோமீட்டர் செல்கிறது. அதாவது 100 கிலோமீட்டர் போய்வர ஒரு மில்லி விநாடி. ஆலத்தியூரிலிருந்து சென்னை ஏறத்தாழ 250 கிலோமீட்டர், எனவே 2.5 மில்லி விநாடிக்குக் குறைவாக வரவே முடியாது. கேபிள் நேர்கோட்டில் போவதில்லை, நடுவே கருவிகளும் உண்டு என்பதால் 10, 12 வருவது இயல்பு. சென்னையிலிருந்து சிங்கப்பூருக்குக் கடலடியில் செல்லும் கேபிள் சுமார் 3,200 கிலோமீட்டர். ஆகவே 12இல் இருந்த நேரம் அடுத்த வரியில் 45 ஆகி அப்படியே நின்றால், அது கடல் தாண்டிய தூரம் மட்டுமே. `-d` இல்லாமல் ஓட்டினால் சில ரவுட்டர்களின் பெயரும் தெரியும். அதில் `maa` என்றிருந்தால் பெரும்பாலும் சென்னை, `sin` என்றால் சிங்கப்பூர். விமான நிலையக் குறியீடுகள்தான். எட்டாம் வகுப்பில் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டலாம், மாணவர்கள் விரும்புவார்கள்.

பாதை முற்றிலும் நின்றுபோனால், கடைசியாகப் பதில் தந்த வரிக்குப் பிறகு எல்லாம் நட்சத்திரமாகவே வரும். விண்டோஸ் ஒவ்வொரு நட்சத்திரத்துக்கும் நான்கு விநாடி காத்திருந்து 30 வரி வரை போகும். ஐந்தாறு நிமிடம் வீணாகும். Ctrl+C அழுத்தி நிறுத்திவிடலாம். முதலில் அதே தளத்தைப் பிரவுசரில் திறந்து பாருங்கள். திறந்தால் பழுதில்லை, சர்வருக்கு முன்னுள்ள பாதுகாப்பு அமைப்பு இந்தச் சோதனைப் பொட்டலங்களுக்கு மட்டும் கதவடைத்திருக்கிறது. திறக்கவில்லை என்றால் வேறொரு தளத்துக்கு ஓட்டிப் பாருங்கள். அதுவும் இரண்டாம் வரியோடு நின்றால் நிறுவனத்தின் பாதை அறுந்திருக்கிறது. சாலையோரம் குழி தோண்டும் நாட்களில் இது நடக்கும். மற்ற தளம் போய்ச் சேர்ந்தால் நம் இணைப்பு சரி. கோளாறு அந்த ஒரு தளத்தின் பக்கமோ அதை ஒட்டிய பாதையிலோ இருக்கிறது.

ஒரு எல்லையையும் சொல்ல வேண்டும். இந்த வரிகள் காட்டுவது போகும் வழியை. பதில் வேறு வழியில் திரும்பலாம், அந்த வழியின் தாமதமும் இதே எண்ணில் கலந்துவிடும். அதனால் இரண்டாம், மூன்றாம் வரிகளைப் பற்றி உறுதியாகப் பேசலாம். பத்தாம் வரியைக் காட்டி இந்த ரவுட்டர்தான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஒரே முறை ஓட்டியும் முடிவு செய்ய வேண்டாம். பழுதான நேரத்தில் மூன்று முறை, நன்றாக இருக்கும் காலை வேளையில் ஒரு முறை ஓட்டி, விடைகளை ஆய்வகப் பதிவேட்டில் அருகருகே ஒட்டி வையுங்கள்.