பங்கைப் பறித்தாலும் பிரீமியம் போகாது

2020ல் ரிலையன்ஸ் இண்டஸ்ட்ரீஸ் உரிமைப் பங்கு வெளியிட்டபோது ஒரு பங்கின் விலை 1,257 ரூபாய். முகமதிப்பு 10 ரூபாய்தான். மீதி 1,247 ரூபாயும் பிரீமியம். விண்ணப்பத்தோடு 314.25 ரூபாய் கட்டினால் போதும் என்றார்கள். மீதியை 2021ல் இரண்டு அழைப்புகளாகக் கேட்டு வாங்கினார்கள். இப்படித் தவணையில் பங்கு வாங்கிய ஒருவர் நடுவில் பணம் கட்டாமல் நின்றுவிட்டால் என்ன ஆகும்? கணக்குப் புத்தகத்தில் அதற்குக் கறாரான விதி இருக்கிறது.

சிறிய எண்களில் பார்ப்போம். ஒரு நிறுவனம் 10 ரூபாய் முகமதிப்புள்ள 10,000 பங்குகளை 5 ரூபாய் பிரீமியத்தில் வெளியிடுகிறது. விண்ணப்பத்துக்கு 3 ரூபாய், ஒதுக்கீட்டுக்கு 7 ரூபாய் (பிரீமியம் 5 ரூபாய் இதில் அடக்கம்), முதல் அழைப்புக்கு 3, இறுதி அழைப்புக்கு 2 என்று வைத்துக்கொள்வோம்.

பங்குகளை ஒதுக்கியதும் விண்ணப்பப் பணம் 30,000 ரூபாய் பங்கு முதல் கணக்குக்கு மாறும். ஒதுக்கீட்டுப் பணமாக வரவேண்டிய 70,000 ரூபாயைப் பிரித்து எழுத வேண்டும்: 20,000 பங்கு முதலுக்கு, 50,000 பத்திர முனைமக் கணக்குக்கு. பணம் கைக்கு வரும் முன்பே, வரவேண்டியது என்ற அளவிலேயே இந்தப் பதிவு விழுந்துவிடுகிறது. பின்னால் வரும் சிக்கலுக்கு வேர் இதுதான்.

இருவர் தவறுகிறார்கள். ஆளுக்கு 100 பங்கு. முருகன் ஒதுக்கீடு வரை கட்டிவிட்டு இரண்டு அழைப்புகளையும் கட்டவில்லை. சாந்தி விண்ணப்பப் பணத்தோடு நின்றுவிட்டார். கட்டாத தொகை நிலுவைக் கணக்கில் ஏறும். சங்கவிதிகள் இடம் கொடுத்தால் அதற்கு வட்டியும் கேட்கலாம். கம்பெனிச் சட்டத்தின் மாதிரி விதிகளான அட்டவணை எஃப் அந்த வட்டிக்கு ஆண்டுக்கு 10 சதவீதம் என்று உச்சவரம்பு வைத்திருக்கிறது. குறைந்தது 14 நாள் அவகாசம் தந்து அறிவிப்பு அனுப்பிய பிறகும் பணம் வராவிட்டால், இயக்குநர் குழு தீர்மானம் போட்டுப் பங்குகளை ஒறுப்பிழப்பு செய்யலாம்.

முருகனுக்கான பதிவு:

பங்கு முதல் கணக்கு பற்று 1,000
நிலுவை அழைப்புக் கணக்கு வரவு 500
பங்கு ஒறுப்பிழப்புக் கணக்கு வரவு 500

சாந்திக்கான பதிவு:

பங்கு முதல் கணக்கு பற்று 1,000
பத்திர முனைமக் கணக்கு பற்று 500
நிலுவைக் கணக்கு (ஒதுக்கீடு 700, அழைப்புகள் 500) வரவு 1,200
பங்கு ஒறுப்பிழப்புக் கணக்கு வரவு 300

பத்திர முனைமக் கணக்கு சாந்திக்கான பதிவில் மட்டும் பற்றாகிறது. அவரிடமிருந்து பிரீமியம் வரவே இல்லை. புத்தகத்தில் ஏறியது வெறும் பாக்கி. அதை நீக்குவதுதான் முறை. முருகனின் 500 ரூபாய் பிரீமியம் உண்மையிலேயே வந்து சேர்ந்துவிட்டது. அப்படி வந்த தொகையை எதற்கெல்லாம் பயன்படுத்தலாம் என்று கம்பெனிச் சட்டம் 2013ன் பிரிவு 52 பட்டியலிட்டிருக்கிறது. போனஸ் பங்கு வழங்குவது, வெளியீட்டுச் செலவை ஈடுகட்டுவது, பங்குகளைத் திரும்ப வாங்குவது போன்றவை அதில் உண்டு. ஒறுப்பிழப்பு அந்தப் பட்டியலில் இல்லை. ஆகவே கைக்கு வந்த பிரீமியத்தை யாரும் தொடக் கூடாது.

தேர்வுத் தாள்களில் மாணவர்கள் வழுக்குவது இங்கேதான். இருவருக்கும் பிரீமியத்தைப் பற்று வைத்துவிடுவார்கள். சரிபார்க்க எளிய வழி உண்டு. ஒறுப்பிழப்புக் கணக்கில் விழும் தொகை, அந்த நபர் முகமதிப்புக்காகக் கட்டிய பணத்துக்குச் சமமாக இருக்க வேண்டும். முருகன் பங்குக்குக் கட்டிய 10 ரூபாயில் பிரீமியம் போக 5 ரூபாய். 100 பங்குக்கு 500. சாந்தி கட்டிய 3 ரூபாயும் முகமதிப்புக்கே, 300. வேறு எண் வந்தால் பிரீமியம் எங்கோ கலந்துவிட்டது என்று பொருள்.

பறித்த பங்குகளை நிறுவனம் மறுபடி விற்கலாம். முருகனின் 100 பங்கை 8 ரூபாய்க்குக் கொடுத்தால் குறையும் 200 ரூபாயை ஒறுப்பிழப்புக் கணக்கு ஏற்கும். மீதி 300 ரூபாய் முதலினக் காப்புக்குப் போகும். இந்தத் தள்ளுபடி, அந்தப் பங்குகளுக்காக ஒறுப்பிழப்புக் கணக்கில் உள்ள தொகையைத் தாண்டக் கூடாது. முருகனின் பங்குக்கு 5 ரூபாய் வரை, சாந்தியின் பங்குக்கு 3 ரூபாய் வரைதான்.

இப்போது புதுப் பங்கு வெளியீடுகளில் பெரும்பாலும் முழுப் பணத்தையும் விண்ணப்பத்தின்போதே வங்கிக் கணக்கில் முடக்கிவிடுகிறார்கள். தவணை முறையை உரிமைப் பங்கு வெளியீடுகளில்தான் அதிகம் காணலாம். அப்படிப் பங்கு வைத்திருப்பவர்கள் ஒன்றை மனத்தில் கொள்ளுங்கள்: சாந்திக்கு 300 ரூபாயோடு போயிற்று, அதிகம் கட்டிய முருகனுக்கோ பிரீமியமும் சேர்த்து 1,000 ரூபாய் போயிற்று. அழைப்புக் கடிதம் வந்தால் கடைசித் தேதிக்குள் கட்டிவிடுங்கள்.