உங்களுக்குத் தெரியுமா? பத்து ரூபாய்ப் பொம்மையும் 2.88-உம்

விருத்தாசலத்துப் பீங்கான் பொம்மை ஒன்று 2001-இல் 10 ரூபாய்க்கு விற்றதாகக் கொள்வோம். குடும்பச் செலவை அடிப்படை ஆண்டில் 100 என வைத்து அளக்கும் தொழில்துறைத் தொழிலாளர் நுகர்வோர் விலைக் குறியீட்டெண்ணின் அடிப்படை ஆண்டு, 2020-இல் 2001-இலிருந்து 2016-க்கு மாற்றப்பட்டதால், புதிய எண் 125 ஆகும் மாதத்தில் அப்பொம்மைக்கு 12.50 ரூபாய் எனக் கணக்கிடுவது பெரும்பிழையாகும். தொழிலாளர் பணியகம் அறிவித்த இணைப்புக் காரணியான 2.88-ஆல் அந்த 125-ஐப் பெருக்கினால் பழைய தொடரில் 360 கிடைக்கும். ஆகவே ஈடான விலை 36 ரூபாய். பொம்மை 30 ரூபாய்க்கே விற்றால், விலை மும்மடங்கானபோதிலும் அதன் உண்மை விலை குறைந்துள்ளது. ஆயினும் இக்குறியீட்டெண் வீட்டுச் செலவையே அளப்பதால், களிமண், சூளை எரிபொருள் ஆகியவற்றின் விலையேற்றத்தை இதிலிருந்து அறிய இயலாது.