77 நாளாக வராத டீச்சர்

ஆனி மாதக் கடைசியில் புடவை எடுக்கக் கிளம்பினால் வீட்டில் யாராவது ஒருவர் தடுப்பார்: "இன்னும் பத்து நாள் பொறு, ஆடி வந்திரும்." தள்ளுபடி வரும் என்று தெரிந்துவிட்டால் காத்திருப்பதுதான் புத்திசாலித்தனம். துணிக்கடைக்கு அது பரவாயில்லை. தேங்கிய சரக்கைத் தள்ளிவிட அவர்களுக்கு ஒரு மாதம் தேவைப்படுகிறது. பியூட்டி பார்லரில் தேங்கும் சரக்கு எது? அங்கே விற்பது ஒரு நாற்காலியும், அதன் பின்னால் நிற்கும் பெண்ணின் ஒரு மணி நேரமும்தான்.

மதுரையில் என் அண்ணி மூன்று நாற்காலி போட்டு ஒரு பார்லர் நடத்துகிறார். இரண்டு வருஷத்துக்கு முன்பு, 60 நாளாக வராதவர்கள் எல்லோருக்கும் வாட்ஸ்அப்பில் ஒரே செய்தி அனுப்பினார்: "உங்களை மிஸ் பண்றோம், 30% தள்ளுபடி." கூட்டம் வந்தது. அதனால் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை அதையே அனுப்பினார். ஒரு நாள் பழைய வாடிக்கையாளர் ஒருவர் போன் செய்து, "இந்த மாசம் மெசேஜ் எப்பக்கா வரும்?" என்று கேட்டபோதுதான் அண்ணிக்கு உறைத்தது. பில் புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டு இருவரும் உட்கார்ந்தோம். முன்பு ஆறு வாரத்துக்கு ஒருமுறை வந்துகொண்டிருந்தவர்களில் பலர் இப்போது ஒன்பது, பத்து வாரத்துக்கு ஒருமுறை வந்திருந்தார்கள். 60 நாள் வராமல் இருந்தால் 300 ரூபாய் மிச்சம் என்று நாங்களேதான் அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தோம்.

கணக்கைப் பார்த்தால் வலி இன்னும் தெரியும். நரை தெரியும் வேர்ப்பகுதிக்கு மட்டும் கலர் போடும் ரூட் டச்-அப்புக்கு அண்ணி வாங்குவது 1,000 ரூபாய். கலர் டியூப், டெவலப்பர், கையுறை எல்லாம் சேர்த்து 250. வேலை செய்யும் பெண்ணுக்கு இன்சென்டிவ் 100. மீதி 650 ரூபாயில்தான் வாடகை, சம்பளம், கரண்ட். 30% குறைத்தால் பில் 700. டியூபின் விலை குறையாது. இன்சென்டிவ் 70 போக 380 நிற்கும். பத்துப் பேரிடம் கிடைத்த பணம் கிடைக்க இப்போது பதினேழு பேருக்கு மேல் வர வேண்டும்.

ஆகவே செய்தி அனுப்பும் முறையையே மாற்றினோம். முதலில் மாற்றியது "வராதவர்" என்ற சொல்லின் பொருளை. எல்லோருக்கும் 60 நாள் என்பது தவறான கோடு. புருவத்துக்கு த்ரெட்டிங் செய்பவர் மூன்று நான்கு வாரத்தில் வருவார். முடி மாதத்துக்குச் சுமார் ஒரு சென்டிமீட்டர் வளர்வதால் ரூட் டச்-அப் செய்பவர் ஆறு வாரத்தில் வந்தாக வேண்டும். முடியை வெட்டிக்கொள்ள மட்டும் வருபவர் மூன்று மாதம்கூட விடுவார், அவர் எங்கேயும் போய்விடவில்லை. அதனால் ஒவ்வொருவரின் கடைசி நான்கு வருகைகளுக்கு இடையே உள்ள நாட்களைப் பார்த்து, வழக்கமான இடைவெளியில் ஒன்றரை மடங்கு கடந்தால்தான் பட்டியலில் சேர்ப்பது என்று வைத்துக்கொண்டோம். கல்யாண மேக்கப்புக்கு ஒரே ஒருமுறை வந்தவர்களை எடுத்துவிட்டோம். அவர்கள் வழக்கமான வாடிக்கையாளராக எப்போதுமே இருந்ததில்லை.

அனுப்புவதற்கு முன் அந்தப் பட்டியலை அங்கே வேலை செய்யும் பெண்கள் கண்ணால் ஒருமுறை பார்க்க வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருந்தேன். முதல் பட்டியலிலேயே மூன்று பெயர்களை அவர்கள் அடித்தார்கள். ஒருவர் வீட்டில் துக்கம், ஒருவர் வேறு ஊருக்கு மாறிவிட்டார், இன்னொருவர் புற்றுநோய் சிகிச்சையில் இருந்தார். முடி உதிர்ந்துகொண்டிருக்கும் ஒரு பெண்ணுக்கு "முடி எப்படி இருக்கு?" என்று போய் விழுந்திருக்கும் அந்தச் செய்தி. நினைத்தால் இன்றும் பதறுகிறது.

இனி அந்த டீச்சர் விஷயத்துக்கு வருகிறேன். பள்ளி ஆசிரியை, 42 நாளுக்கு ஒருமுறை தவறாமல் ரூட் டச்-அப்புக்கு வந்தவர். 63-ஆம் நாள் பட்டியலில் விழுந்தார். முதல் செய்தி, அவருக்கு எப்போதும் கலர் போடும் பெண்ணின் பெயரில் போனது: "டீச்சர், வணக்கம். போன தடவை போட்ட அடர் பிரவுன் எப்படி நின்னுச்சு? சீக்கிரம் வெளிறிப் போயிருந்தா சொல்லுங்க, அடுத்த தடவை ஷேட் மாத்திப் பார்க்கலாம்." விலை இல்லை, ஆஃபர் இல்லை, பூப்படம் இல்லை. மறந்துபோனவர்களும் வேலை மும்முரத்தில் தள்ளிப்போட்டவர்களும் இந்த ஒரு செய்திக்கே வந்துவிடுவார்கள். எங்கள் அனுபவத்தில் திரும்பி வருபவர்களில் பெரும்பாலோர் இந்த வகைதான். முன்பு இவர்களுக்கெல்லாம் 300 ரூபாயைச் சும்மா தூக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தோம்.

டீச்சரிடமிருந்து பதில் இல்லை. இரண்டு வாரம் கழித்து, 77-ஆம் நாள், இரண்டாவது செய்தி. இது அண்ணியின் பெயரில்: "டீச்சர், போன தடவை எங்ககிட்ட ஏதாவது குறை இருந்துச்சா? காத்திருந்தது, கலர், விலை, எதுவா இருந்தாலும் தயங்காம சொல்லுங்க. நானே படிப்பேன்."

அன்று இரவே பதில் வந்தது. "குறைன்னு இல்லக்கா. போன தடவை சனிக்கிழமை முக்கால் மணி நேரம் உக்காந்திருந்தேன். உள்ள கல்யாணப் பார்ட்டி. அப்புறம் வீட்டுப் பக்கத்துலயே புதுசா ஒண்ணு திறந்தாங்க, அங்க போயிட்டேன்."

அவருக்கு 30% கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? மறுபடி ஒரு சனிக்கிழமை வந்து, 300 ரூபாய் குறைவாகக் கொடுத்து, மறுபடி முக்கால் மணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் போயிருப்பார். அவர் போனதற்குக் காரணம் விலையே இல்லை. அண்ணி எழுதிய பதில்: "மன்னிச்சிடுங்க டீச்சர். சனிக்கிழமை காலைல 9 மணி சீட்டை உங்களுக்குன்னு வெச்சிடுறேன். அந்த நேரத்துக்கு கல்யாணப் பார்ட்டி எடுக்க மாட்டேன்." டீச்சர் அந்த வாரமே வந்தார். முழு 1,000 ரூபாய் கொடுத்தார்.

எல்லோரும் பதில் எழுதமாட்டார்கள். பேசாமல் இருப்பவர்களுக்கு மூன்று வாரம் கழித்து மூன்றாவது செய்தி. ஆஃபர் என்ற ஒன்று வருவது இதில்தான். அதிலும் விலையைத் தொடுவதில்லை. "இந்த மாசக் கடைசிக்குள்ள புதன், வியாழன் மதியம் ரூட் டச்-அப்புக்கு வந்தீங்கன்னா, கூடவே 20 நிமிஷம் ஹேர் மாஸ்க் எங்க செலவுல." விலைப் பட்டியலில் அந்த மாஸ்க் 350 ரூபாய். வருபவருக்கு அது 350 ரூபாய் மதிப்பு. அண்ணிக்குக் கிரீம் செலவு 60 ரூபாய்தான். அந்த மதியங்களில் நாற்காலி காலியாகவே கிடக்கும், அந்த 20 நிமிஷத்துக்குத் தனிக்கூலியும் இல்லை. 650-இல் 60 போனாலும் 590 நிற்கிறது. அதைவிட முக்கியமானது, டச்-அப்பின் விலை 1,000 என்பது வாடிக்கையாளரின் மனதில் கலையாமல் இருக்கிறது. ஒருமுறை 700 கொடுத்தவருக்கு அடுத்த தடவை 1,000 கொடுக்கும்போது 300 ரூபாய் பறிபோனது போலத்தான் தோன்றும். மாஸ்க் இல்லாமல் போனால் அப்படித் தோன்றுவதில்லை, சிலர் காசு கொடுத்தே கேட்கிறார்கள்.

கிழமையும் யோசித்து வைத்ததுதான். எங்கள் பக்கம் செவ்வாய், வெள்ளியில் முடியில் கத்தரி வைக்கமாட்டார்கள். அந்த நாட்களை முடி வெட்டும் ஆஃபருக்கு எழுதினால் செய்தி வீண். அன்று காலியாக இருக்கும் நாற்காலிக்கு ஃபேஷியல் வாடிக்கையாளர்களைத்தான் கூப்பிட வேண்டும்.

இந்த மூன்றாவது செய்திக்கு அண்ணி ஒரு கட்டுப்பாடு வைத்திருக்கிறார்: ஒருவருக்கு வருஷத்தில் ஒரே ஒருமுறைதான். அதை இன்ஸ்டாகிராமில் போடுவதில்லை, கடை வாசலில் எழுதுவதில்லை. மாஸ்க் கொடுத்தால் பில் புத்தகத்தில் பெயருக்கு எதிரே 'மா' என்று சிவப்பு மையில் எழுதுகிறார். அந்த எழுத்து இருந்தால், அவர் மறுபடி காணாமல் போனாலும் முதல் இரண்டு செய்திகள் மட்டுமே போகும். வராமல் இருப்பதற்குப் பலன் உண்டு என்பதை யாரும் இரண்டாவது முறை கற்றுக்கொள்ளக் கூடாது. தவறாமல் வருபவர்களுக்கு ஒன்றும் இல்லை, ஓடிப்போனவர்களுக்கு மட்டும் விருந்தா என்ற நியாயமான கேள்வி வந்தது. அதனால் வருஷத்தில் எட்டு முறை வந்தவர்களுக்கும் அதே மாஸ்க் உண்டு என்று ஆக்கினோம்.

இன்னும் ஒரு மாதம் கழித்து நான்காவது செய்தி, கடைசி: "இனி இந்த மாதிரி மெசேஜ் அனுப்பித் தொந்தரவு பண்ண மாட்டோம். எப்ப வேணும்னாலும் வாங்க, உங்க கலர் நம்பர் எங்ககிட்ட பத்திரமா இருக்கு." அதன் பிறகு உண்மையிலேயே நிறுத்திவிட வேண்டும். நிறையப் பேர் பிளாக் செய்து புகார் கொடுத்தால் வாட்ஸ்அப் அந்த எண்ணையே முடக்கக்கூடும். வேண்டாம் என்று முன்பே சொன்னவர்களுக்கு எந்தச் செய்தியும் போகவே கூடாது.

ஆரம்பத்தில் நாங்கள் சறுக்கியது பிராட்காஸ்ட் லிஸ்டில். நம் எண்ணைத் தன் போனில் சேமித்து வைத்திருப்பவருக்கு மட்டும்தான் அது போய்ச் சேரும். பாதிப் பேருக்குச் செய்தியே போகவில்லை என்பது தெரியாமல், "யாரும் மதிக்கவில்லை" என்று அண்ணி வருத்தப்பட்டுக்கொண்டிருந்தார். இப்போது தனித்தனியாகவே அனுப்புகிறார். வாரத்துக்கு எட்டு, பத்துப் பேர்தான் என்பதால் முடிகிறது. மொத்தமாக எஸ்எம்எஸ் அனுப்ப நினைப்பவர்கள் டிராய் விதிப்படி தொலைபேசி நிறுவனத்தின் டிஎல்டி தளத்தில் பெயரையும் செய்தியின் வாசகத்தையும் பதிவு செய்தாக வேண்டும்.

இதெல்லாம் பலன் தருகிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? வந்தவர்களை மட்டும் எண்ணினால் ஏமாந்துவிடுவோம், செய்தி போகாவிட்டாலும் சிலர் வந்திருப்பார்கள். அதனால் பட்டியலில் மூன்றில் ஒரு பங்குப் பேருக்கு வேண்டுமென்றே எதுவும் அனுப்பாமல் விட்டோம். ஒரு தடவை 60 பேர். 40 பேருக்கு அனுப்பினோம், 11 பேர் வந்தார்கள். அனுப்பாத 20 பேரில் 3 பேர் தாமாகவே வந்தார்கள். அந்தக் கணக்கில் 40 பேரில் 6 பேர் எப்படியும் வந்திருப்பார்கள், செய்தியால் வந்தவர்கள் 5 பேர்தான். அண்ணியின் முகம் சுருங்கியது. நான்கு தடவை இப்படி எண்ணிப் பார்த்தால்தான் நம்பலாம் என்று சொன்னேன், அவ்வளவு சின்ன எண்கள் அவை.

அதோடு, திரும்பி வந்தவர் அடுத்த சுற்றில் எந்தச் செய்தியும் ஆஃபரும் இல்லாமல் தன் பழைய இடைவெளிக்குள் மறுபடி வந்தால்தான் அவரை மீண்ட வாடிக்கையாளர் என்று எழுதுகிறோம். அந்த 11 பேரில் 7 பேர் அப்படி வந்தார்கள். டீச்சர் 42-ஆம் நாள் சனிக்கிழமை காலை 8:55-க்குக் கதவைத் திறந்துகொண்டு வந்தார். அன்றைக்கு நாற்காலி காலியாக இருந்தது.