சரமா, ஸ்திரமா?

தம்பானூரில் குடியேறிய நம் குடும்பங்களில் ஊடல் நேர்ந்தால், சோழிப் பிரச்னம் பார்த்து வருவோர் உண்டு. மலையாளத்தில் சோழியைக் கவடி என்பர். பிரச்னத்துக்கு முதன்மையான நூலாகிய வடமொழிப் 'பிரச்ன மார்க்கம்' 1649இல் இந்நாட்டிலேயே இயற்றப்பட்டது.

ஒரு முறை இது: ஜோதிடர் 108 சோழிகளைப் பரப்பிப் பிரார்த்தித்து, ஒரு பகுதியைக் கையால் ஒதுக்குவார். ஒதுக்கியதை எண்ணிப் பன்னிரண்டு பன்னிரண்டாகக் கழித்து, மீதியை மேஷம் முதல் எண்ணினால் ஒரு ராசி கிடைக்கும். அது சரராசியானால் நிலைமை மாறும், ஸ்திரராசியானால் நிலைக்கும், உபயராசியானால் இரண்டும் கலந்தது.

நாமறிந்த ஒரு பெண்மணியின் கணவர் சில நாள் அன்பாகப் பேசுவார். சில நாள் முகங்கொடுத்தும் பேசார். அவள் பிரச்னம் கேட்டாள். ஒதுக்கிய சோழி 43. 36 போக மீதி 7. ஏழாவது துலாம், சரராசி. 'இந்தக் கடுமை மாறிவிடும்' என்றார் ஜோதிடர். மறுவாரமே அவர் மீண்டும் முகந்திருப்பவே, அவள் வேறொருவரிடம் சென்றாள். சோழி 53, 48 போக மீதி 5. அது சிம்மம், ஸ்திரராசி. 'இது மாறாத சுபாவம்' என்று கேட்டு அழுதுகொண்டே வீடு திரும்பினாள்.

இதில் வியப்பில்லை. பன்னிரண்டு ராசிகளில் சரம் 4, ஸ்திரம் 4, உபயம் 4. ஆகவே மும்முறை கேட்டால், ஒருமுறையேனும் சரராசி விழ 27இல் 19 பங்கு வாய்ப்புண்டு. வேண்டிய விடை வரும்வரை கேட்பவருக்கு அது வந்தே தீரும். அது கணவரின் மனத்தைக் காட்டாது.

ஆனால் சோழி எழுப்பிய கேள்வி நல்ல கேள்வி. எது மாறுவது, எது நிலைப்பது? அதை நாட்காட்டியில் கேட்கும்படி நம் இல்லத்தார் அவளிடம் சொன்னார்கள். எட்டு வாரம், அதாவது 56 நாள், அவள் குறித்துவந்தாள். முகங்கொடாத நாட்கள் 17. அவற்றில் 14, கணவரின் இரவு வேலையை அடுத்த இரு நாட்களுக்குள் விழுந்தன. எஞ்சிய மூன்றும் ஊரிலிருந்து கடனைப்பற்றித் தொலைபேசி வந்த நாட்கள். அந்த 17 நாளிலும் அவர் குழந்தையைப் பள்ளியில் விடத் தவறவில்லை. அவளை இழித்து ஒரு சொல்லும் சொல்லவில்லை. கடுமை சரம், பொறுப்பு ஸ்திரம். இப்போது இரவு வேலை முடிந்த நாளில் அவள் வீட்டுக் கணக்கை எடுப்பதில்லை. கடனை இருவரும் சேர்ந்து பேசுகின்றனர்.

குறிப்பு வேறுவிதமாகவும் அமையலாம். அவள் மறுத்துப் பேசிய நாள்தோறும் மௌனம் தண்டனையாக வந்து, அவள் பணிந்தபின்பே அன்பு திரும்புமானால், அங்கே நிலைத்திருப்பது அந்தத் தண்டனையே. இடையில் வரும் அன்புதான் சரம். வீட்டில் அச்சம் குடிகொண்டால் சோழியும் வேண்டாம், நாட்காட்டியும் வேண்டாம். பெற்றோரிடம் சொல்லவேண்டும், அல்லது பெண்களுக்கான 181 என்ற உதவி எண்ணை அழைக்கவேண்டும்.