மாடிக்கு வெள்ளை, ஜன்னலுக்குத் தட்டி

சித்திரை மாதத்தில் வெள்ளிமலையிலிருந்து கள்ளக்குறிச்சிக்குப் பஸ்ஸில் இறங்கி வருகிறவர்கள், கல்வராயன் மலையின் வளைவுகளைக் கடந்து அடிவாரத்தை அடைந்ததும், யாரோ அடுப்பின் மூடியைத் திறந்து விட்டாற்போல் உணர்வார்கள். மலை மேலே காற்று மூன்று நான்கு டிகிரி குளிர்ச்சியாக இருக்கிறது. உயரம் செய்கிற உபகாரம் அது. ஆனால் மலை மேலேயே ஒரு விசித்திரத்தைப் பார்க்கலாம். புல் வேய்ந்து, இறவாரத்தைத் தாழ இறக்கிக் கட்டிய பழைய மலையாளி வீட்டுக்குள் நடுப்பகலில் நுழைந்தால் சுகமாக இருக்கிறது. அதற்குப் பக்கத்திலேயே புதிதாக எழும்பிய கான்கிரீட் வீட்டின் அறையில் புழுங்குகிறது; இரவு ஒன்பது மணிக்கும் புழுங்குகிறது. இரண்டு வீட்டின் மேலும் காய்வது அதே சூரியன்தான், சுற்றிலும் வீசுவதும் அதே காற்றுதான். ஆகவே குற்றவாளி காற்றல்ல, தலைக்கு மேலே இருக்கும் தளம் என்று தெரிகிறதல்லவா?

கீழே கள்ளக்குறிச்சியில் இந்த விஷயம் பணவிஷயமாகி விடுகிறது. மாடி அறைக்கு ஒரு டன் ஏ.ஸி. யந்திரம் வாங்கி மாட்டியிருப்பார்கள். இரண்டு கோடை கழிந்ததும், "இது போதவில்லை, ஒன்றரை டன் போட்டு விடலாம்" என்று வீட்டில் பேச்சு எழும். கடைக்காரர் வேண்டாமென்று சொல்லப் போவதில்லை. அந்தப் பேச்சு எழும்போது ஒரு காகிதமும் பென்ஸிலும் எடுத்துக்கொண்டு உட்காருவது நல்லது.

முதலில் 'டன்' என்றால் என்ன? யந்திரத்தின் எடையல்ல. ஒரு டன் ஐஸ் கட்டி (அமெரிக்க டன், அதாவது சுமார் 907 கிலோ) ஒரு நாள் முழுவதும் உருகும்போது எவ்வளவு உஷ்ணத்தை விழுங்குமோ, அந்த வேகத்தில் அறையிலிருந்து உஷ்ணத்தை வெளியே இறைக்கும் சக்தி அது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த ஐஸைச் சென்னைக் கடற்கரையில் 'ஐஸ் ஹவுஸ்' கட்டிச் சேமித்தார்களே, அந்தக் காலத்துக் கணக்கு இன்னும் நம் கூடத்துச் சுவரில் தொங்குகிறது. இன்றைய அளவில் ஒரு டன் என்பது சுமார் 3,500 வாட் உஷ்ணம். அதுவும் வெளிக்காற்று 35 டிகிரி இருக்கும்போது அளந்தது. வெளியே 40 டிகிரி காய்ந்தால் யந்திரத்தின் சக்தி சற்றுக் குறைந்து போகும்.

இனி ஓர் அறையை எடுத்துக்கொள்வோம். கள்ளக்குறிச்சியில் மேல்மாடி, பன்னிரண்டடிக்குப் பன்னிரண்டடி, மேலே ஐந்தங்குலக் கான்கிரீட் தளம், அதன் மேல் கறுத்துப்போன சிமெண்டுப் பூச்சு, மேற்குச் சுவரில் நாலடிக்கு நாலடி கண்ணாடி ஜன்னல். சித்திரை மாதத்து மாலையில் இந்த அறைக்குள் எவ்வளவு உஷ்ணம் வருகிறது?

தளத்தின் வழியாக மட்டும் சுமார் 1,400 வாட் வருகிறது. ஜன்னல் கண்ணாடியின் வழியாக, வெயில் நேரே அடிக்கும் நாலு மணிக்கு, சுமார் 700 வாட். சுவர்கள் எல்லாம் சேர்ந்து 500. உள்ளே இருக்கும் இரண்டு பேர், விளக்கு, விசிறி, கதவிடுக்கில் நுழையும் காற்றும் அதிலுள்ள ஈரமும் சேர்ந்து இன்னொரு 600. கூட்டினால் 3,200. ஒரு டன் யந்திரம் மூச்சுத் திணறுவதில் ஆச்சரியமில்லை. கவனிக்க வேண்டியது, இதில் மூன்றில் இரண்டு பங்கு தளமும் ஜன்னலும் கொண்டுவந்து கொட்டியது என்பதைத்தான். இவை வீட்டுக்கு வீடு மாறும் உத்தேச எண்கள். தளத்தின் உச்சமும் ஜன்னலின் உச்சமும் ஒரே நிமிஷத்தில் வருவதுமில்லை. ஆனால் எது பெரிது, எது சிறிது என்பது மாறாது.

உங்கள் வீட்டில் எது முதல் குற்றவாளி என்று அறியக் கருவி எதுவும் வேண்டாம். அறை நாலு மணிக்குத் தகித்து, எட்டு மணிக்குத் தணிந்து விடுகிறதா? ஜன்னல்தான் காரணம். கண்ணாடி வழியே வரும் உஷ்ணம் வெயிலோடு வந்து வெயிலோடு போய்விடும். இரவு ஒன்பது மணிக்கு நாற்காலி போட்டு ஏறி உட்கூரையில் கையை வைத்தால், ஜுரம் வந்தவன் நெற்றி போல் சுடுகிறதா? அப்படியானால் தளம். கான்கிரீட் பகலெல்லாம் உஷ்ணத்தைக் குடித்து, சில மணி நேரம் கழித்து அதைக் கீழே கக்குகிறது. அப்போது சூடான கூரை நம் உடம்பின் மேல் நேராகவே உஷ்ணத்தை வீசுவதால், யந்திரத்தில் 24 என்று வைத்திருந்தாலும் தேகம் அதை ஒப்புக்கொள்ளாது. பெரிய யந்திரம் வாங்கினால் காற்று இன்னும் குளிரும். கூரை அப்படியேதான் சுடும்.

ஜன்னலை முதலில் கவனிப்போம், செலவு குறைவு. "மேலே சன்ஷேடு இருக்கிறதே!" என்று பலர் எண்ணுவார்கள். மேற்கு ஜன்னலில் அது அநேகமாக அலங்காரம்தான். கள்ளக்குறிச்சி நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறக்குறைய 11.7 டிகிரியில் இருக்கிறது. ஏப்ரல் 21-ஆம் தேதி வாக்கில் நண்பகல் சூரியன் நேர் உச்சியில் நின்று, பிறகு மணிக்குப் பதினைந்து டிகிரி வீதம் நேர் மேற்கே சரிகிறது. மாலை நாலு மணிக்கு அது அடிவானத்துக்கு மேல் 33 டிகிரிதான் இருக்கும். இரண்டடி நீட்டிய சன்ஷேடு அப்போது சுவரில் விழுத்தும் நிழல் ஒன்றே கால் அடிக்குச் சற்று மேல். நாலடி ஜன்னலில் மீதி முழுவதும் வெயில். ஐந்து மணிக்கு நிழல் எட்டங்குலமாகச் சுருங்கி விடும். தெற்கு ஜன்னலிலோ, மார்கழி நண்பகலில் அதே இரண்டடிச் சன்ஷேடு ஏறக்குறைய மூன்றடிக்கு நிழல் தரும். ஆகவே தெற்கே சன்ஷேடு, மேற்கிலும் கிழக்கிலும் தொங்கும் தட்டி என்பதே பொருத்தம்.

அந்தத் தட்டி கண்ணாடிக்கு வெளியே தொங்க வேண்டும். இதுதான் விஷயத்தின் உயிர்நிலை. உள்ளே மெத்தென்ற திரை போட்டால், வெயில் கண்ணாடியைத் தாண்டி வந்து திரையைச் சுட வைக்கிறது. திரை அந்தச் சூட்டை அறைக்கே திருப்பித் தருகிறது. மேற்படி ஜன்னலில் வெளிர் நிறத் திரை 700 வாட்டை 450 ஆக்கலாம். வெளியே தொங்கும் மூங்கில் தட்டியோ கித்தான் திரையோ 150 ஆக்கி விடும். தட்டிக்கும் கண்ணாடிக்கும் நடுவே நாலைந்து அங்குலம் இடைவெளி விட்டு, சூடான காற்று மேலே போக வழி வைக்க வேண்டும். கீழ் விளிம்பைக் கயிற்றால் கட்டாவிட்டால் ஆடிக் காற்றில் அடுத்த தெருவில்தான் தேட வேண்டியிருக்கும்.

வெளியே எதுவும் தொங்கவிட இயலாத அடுக்கு வீட்டுக்காரர்கள் கண்ணாடியையே மாற்ற நினைப்பதுண்டு. கறுப்போ பச்சையோ சாயமேற்றிய கண்ணாடியை நம்பி ஏமாற வேண்டாம். அது வெயிலைத் தடுப்பதைக் காட்டிலும் உறிஞ்சுவதே அதிகம். தானே சுட்டு, பாதியை உள்ளே விடும். அறை இருட்டாகி, பகலிலேயே விளக்குப் போடுவது மிச்சம். கடையில் இரண்டு எண்களைக் கேளுங்கள்: விழும் வெயிலின் உஷ்ணத்தில் எத்தனை பங்கு உள்ளே வரும், வெளிச்சத்தில் எத்தனை பங்கு வரும் என்று. சாதாரணக் கண்ணாடியில் இரண்டும் பத்தில் எட்டுக்கு மேல். உஷ்ணம் மூன்றாகவும் வெளிச்சம் நாலைந்தாகவும் இருந்தால் நல்ல சரக்கு. விலையும் அதற்குத் தக்கபடிதான்.

இனி தளம். நம் முன்னோர் மச்சின் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து தடிப்பாகப் போட்டு, அதன் மேல் தட்டோடு பதித்தார்கள். மழைக்கும் வெயிலுக்கும் அது ஒரே கவசம். இப்போது அதைச் சிக்கனம் பண்ணி விட்டு, வெறும் சிமெண்டோடு நிறுத்தி விடுகிறோம். பழைய சிமெண்டுப் பரப்பு தன்மேல் விழும் வெயிலில் ஏறக்குறைய பத்தில் ஏழு பங்கை விழுங்குகிறது. நல்ல வெள்ளைக் குளிர்பூச்சு புதிதில் இரண்டு பங்கை விழுங்கும். ஒரு வருஷத் தூசி படிந்தபின் மூன்று, மூன்றரை. புதுப் பூச்சின் பெருமையை விட்டு இந்தத் தூசி படிந்த எண்ணையே நம்பிக் கணக்குப் போட்டாலும், நம் அறையில் 1,400 வாட் 850 ஆகிறது. தட்டியும் சேர்ந்தால் மொத்தம் 3,200-லிருந்து 2,100 வரை இறங்கும். பழைய ஒரு டன் யந்திரமே தாராளமாகப் போதும்.

இது காகிதக் கணக்கு மட்டுமல்ல. ஹைதராபாத்தில் வர்த்தகக் கட்டிடங்களில் அளந்து 2012-ல் வெளியிட்ட ஆராய்ச்சியில், பூச்சில்லாத கான்கிரீட் தளத்துக்கு வெள்ளை பூசியதால் ஒரு சதுர மீட்டருக்கு வருஷத்தில் 13, 14 யூனிட் மின்சாரம் மிச்சமாயிற்று. குளிரூட்டும் செலவில் அது நூற்றுக்குப் பத்திலிருந்து பத்தொன்பது. கறுத்த தளங்களில் இன்னும் அதிகம். அவை பகலெல்லாம் யந்திரம் ஓடிய கட்டிடங்கள்; இரவில் மட்டும் ஓட்டும் வீட்டில் இவ்வளவு எதிர்பார்க்கக் கூடாது.

பூச்சு வாங்கும்போது டப்பாவில் எஸ்.ஆர்.ஐ. என்ற எண்ணைப் பாருங்கள். நியமக் கறுப்புக்கு 0, நியம வெள்ளைக்கு 100 என்று வைத்த அளவு அது. புதிதில் 100-ஐத் தொட வேண்டும். மூன்று வருஷம் வெயிலில் கிடந்தபின் எவ்வளவு என்பதையும் கேளுங்கள். சுவருக்கு அடிக்கும் சாதாரண வெள்ளைப் பெயிண்டு மாடிக்கு உதவாது, பொடிந்து உதிரும். சுண்ணாம்பு புதிதில் நன்றாகவே வேலை செய்யும், ஆனால் ஒரு மழைக்காலத்தில் கரைந்து விடும். வருஷந்தோறும் அடிக்கத் தயாராக இருப்பவருக்கு அது மலிவான வழி.

காலம் தை, மாசி. மழை நின்று தளம் உலர்ந்திருக்கும், கோடை வந்திராது. பாசியைக் கம்பிப் பிரஷ்ஷால் சுரண்டிக் கழுவி, வெடிப்புகளை அடைத்து, நீர் தேங்கும் பள்ளங்களைச் சரிசெய்து, இரண்டு மூன்று நாள் காய விட வேண்டும். ஈரத் தளத்தின் மேல் பூசினால் கொப்புளம் கிளம்பித் தோல் உரியும். பூச்சைக் குறை சொல்லிப் பயனில்லை. அடிப்பூச்சு ஒன்று, அதன் மேல் இரண்டு கை, ஒன்று நெடுக்கே, அடுத்தது குறுக்கே. ஒழுகும் தளத்தை வெறும் வெள்ளைப் பூச்சு அடைத்து விடும் என்று நம்புவது தவறு. ஒழுகலை முதலில் பார்க்க வேண்டும்.

வெள்ளை பூசியதன் நயம் மேல்மாடிக்கு மட்டுமே. கீழ்வீட்டில் இருப்பவர் மாடிக்குச் செலவு செய்து தம் அறையைக் குளிர்விக்க முடியாது. எதிர்வீட்டு உயர்ந்த ஜன்னலில் இருப்பவருக்குக் கண் கூசலாம் என்பதையும் சொல்லி வைக்கிறேன். வெள்ளிமலையில் ஏ.ஸி. யந்திரத்துக்கே அவசியம் குறைவு; ஆனால் அங்குள்ள கான்கிரீட் வீடுகளுக்கும் வெள்ளைத் தளம் பகல் புழுக்கத்தைத் தணிக்கும். மார்கழிக் குளிரில் அந்த வீட்டார் என்ன சொல்வார்கள் என்பது வேறு விஷயம்.

பூச்சில் சந்தேகம் இருந்தால், தளத்தின் ஒரு மூலையில் நாலடிச் சதுரம் மட்டும் பூசி, பகல் இரண்டு மணிக்குச் செருப்பைக் கழற்றி விட்டு நடந்து பாருங்கள். வெள்ளையின் மேல் நிற்க முடியும். சிமெண்டின் மேல் குதிக்கத்தான் முடியும். அடுத்த வருஷம் பங்குனியில் மறுபடி அதேபோல் நடந்து பாருங்கள். கால் சுடத் தொடங்கியிருந்தால் ஒரு வாளி தண்ணீரும் துடைப்பமும் வேண்டும். கழுவியும் சுட்டால்தான் இன்னொரு கை பூச்சு.